ஸ்லூ ரேட்: டெயில் மின்னோட்டமும் ஈடுசெய் மின்தேக்கியும்

மேசை மேல் ஒரு 741 ஆப்-ஆம்ப். இரு பக்கமும் 15 வோல்ட் மின்வழங்கல். வெளியீடு நேராக எதிர் உள்ளீட்டுக்குப் போகிறது. அதாவது, உள்ளே வருவதை அப்படியே வெளியே தரவேண்டிய பின்தொடரிச் சுற்று. உள்ளீட்டில் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, உச்சம் அரை வோல்ட். ஆஸிலோஸ்கோப்பில் வெளியீடு குறையில்லாத சைனாகவே தெரிகிறது. இப்போது அதிர்வெண்ணைத் தொடாமல் உச்சத்தை மட்டும் 10 வோல்ட்டுக்கு ஏற்றினால், திரையில் சைன் அலை மறைந்து முக்கோண அலை வந்துவிடுகிறது. அதன் உச்சமும் 10 வோல்ட்டைத் தொடுவதில்லை. 6 வோல்ட்டைச் சற்றுத் தாண்டி நின்றுவிடுகிறது.

741-இன் யூனிட்டி கெயின் அதிர்வெண் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். 20 கிலோஹெர்ட்ஸ் என்பது அதில் ஐம்பதில் ஒரு பங்குதான். எனவே அலைவரிசை போதவில்லை என்று சொல்ல முடியாது. போதாமல் போனது வேறொன்று. அந்தச் சிப்பின் வெளியீடு மைக்ரோசெகண்டுக்குச் சுமார் 0.5 வோல்ட்டுக்கு மேல் நகராது. 20 கிலோஹெர்ட்ஸில் அரை அலைக்குக் கிடைப்பது 25 மைக்ரோசெகண்ட். அதற்குள் நகரக்கூடிய தூரம் 12.5 வோல்ட். அதில் பாதி, 6.25 வோல்ட், முக்கோணத்தின் உச்சம். கேட்கப்பட்ட 10 வோல்ட் சைனுக்கோ பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் மைக்ரோசெகண்டுக்கு 1.26 வோல்ட் வேகம் தேவை (2πfV என்ற கணக்கு). அரை வோல்ட் சைனுக்கு 0.063 வோல்ட் போதும். அதனால்தான் முதல் சோதனையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

இந்த உச்ச வேகத்துக்குத்தான் ஸ்லூ ரேட் என்று பெயர். இரண்டு நிலை ஆப்-ஆம்ப்பில் அது எங்கே தீர்மானமாகிறது, வடிவமைக்கும்போது அதை எப்படிக் கணக்கிடுவது, கணக்குத் தவறினால் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

ஒரே குழாய், ஒரே குடம்

இரண்டு நிலை ஆப்-ஆம்ப்பின் முதல் நிலை ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் அடியில் பொதுவாக ஒரு மின்னோட்ட மூலம். அது இழுக்கும் மாறாத ஓட்டம்தான் டெயில் மின்னோட்டம். உள்ளீடுகள் இரண்டும் சமமாக இருந்தால் ஜோடி அதைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். உள்ளீடுகளுக்கு இடையே சிறு வேறுபாடு வந்தால், அந்த வேறுபாட்டுக்கு ஏற்ற அளவு ஓட்டம் ஒரு பக்கம் சாயும். இரண்டாம் நிலை பெரிய ஆதாயம் தரும் டிரான்சிஸ்டர். அதன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஈடுசெய் மின்தேக்கி Cc உட்கார்ந்திருக்கிறது. பின்னூட்டத்தில் சுற்று அலைபாயாமல் இருக்க அது வேண்டும்.

உள்ளீட்டில் திடீரென்று ஒரு வோல்ட் படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியீடு இன்னும் நகரத் தொடங்கவில்லை. ஜோடியின் ஒரு டிரான்சிஸ்டர் முழுக்க அணைந்து, மற்றது டெயில் மின்னோட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் கொடுக்க முதல் நிலையிடம் எதுவும் இல்லை. படி ஒரு வோல்ட்டானாலும் ஐந்து வோல்ட்டானாலும் Cc-க்குள் போகும் ஓட்டம் ஒன்றுதான். குழாயை முழுக்கத் திறந்தாயிற்று; குடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு மெதுவாகத்தான் நீர்மட்டம் ஏறும். இரண்டாம் நிலையின் ஆதாயம் பெரிது என்பதால் மின்தேக்கியின் உள்முனை ஏறக்குறைய அசையாமல் இருக்கும். அதன் மேல் ஏறும் மின்னழுத்தம் முழுவதும் வெளியீட்டில் தெரியும். எனவே:

```
SR = I5 / Cc
```

இங்கே I5 என்பது டெயில் மின்னோட்டம். பாடநூல் பகுப்பாய்வுகளில் 741-க்கு அது சுமார் 19 மைக்ரோஆம்பியர். உள்ளே இருக்கும் Cc 30 பிக்கோஃபாரட். வகுத்தால் மைக்ரோசெகண்டுக்கு 0.63 வோல்ட் கிடைக்கிறது. தரவேடு சொல்லும் 0.5-க்கு இது போதுமான அளவு அருகில்தான்.

மின்னோட்டத்தை ஏற்றினால் போதாதா?

சூத்திரத்தைப் பார்த்தவுடன் தோன்றுவது இதுதான்: டெயில் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஸ்லூ ரேட்டும் இரட்டிப்பாகுமே. 741 போன்ற பைபோலார் சுற்றில் அது பலிக்காது. காரணம், பைபோலார் ஜோடியின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ், அதாவது gm, டெயில் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். யூனிட்டி கெயின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது gm/Cc. மின்னோட்டத்தை இரட்டித்தால் அந்த அதிர்வெண்ணும் இரட்டிக்கும். 741-இன் மெதுவான பிஎன்பி டிரான்சிஸ்டர்கள் தரும் கட்டத் தாமதம் அதைத் தாங்காது. சுற்று அலைபாயத் தொடங்கும். அதை அடக்க Cc-ஐயும் இரட்டிக்க வேண்டும். முடிவில் ஸ்லூ ரேட் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஸ்லூ ரேட்டை யூனிட்டி கெயின் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் Cc அடிபட்டுப் போகிறது:

```
SR / ωt = I5 / gm
```

வலப்பக்கத்தில் மிஞ்சுவது வோல்ட்டில் அளக்கப்படும் ஒரு எண். எளிய பைபோலார் ஜோடியில் அது சுமார் 50 மில்லிவோல்ட். எந்த மின்னோட்டத்திலும் மாறாது. 741-இல் சமிக்ஞை அடுத்தடுத்து இரண்டு ஜோடிகளைக் கடப்பதால் gm பாதியாகி, அந்த எண் 100 மில்லிவோல்ட் ஆகிறது. 0.1 வோல்ட்டை 1 மெகாஹெர்ட்ஸின் கோண அதிர்வெண்ணால், அதாவது 6.28 மில்லியனால், பெருக்கினால் மறுபடியும் அதே 0.63.

ஆகவே அலைவரிசையை மாற்றாமல் ஸ்லூ ரேட்டை உயர்த்த ஒரே வழி, அதே மின்னோட்டத்துக்கு gm-ஐக் குறைப்பது. எல்எம்318 சிப்பில் உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களின் எமிட்டரில் தடைகளை வைத்து இதைச் செய்தார்கள். டிஎல்071 வேறு வழியில் போனது: உள்ளீட்டில் ஜேஃபெட். அதன் பழைய தரவேட்டில் அலைவரிசை 3 மெகாஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் 13 வோல்ட். 741-ஐவிட அலைவரிசை 3 மடங்குதான். ஸ்லூ ரேட்டோ 26 மடங்கு. I5/gm கணக்கிட்டால் சுமார் 0.7 வோல்ட் வருகிறது. வித்தியாசம் முழுவதும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மாஸ் டிரான்சிஸ்டரில் அந்த எண்ணை வடிவமைப்பவரே தேர்ந்தெடுக்கலாம். எளிய சதுர விதிப்படி I5/gm என்பது உள்ளீட்டு டிரான்சிஸ்டரின் ஓவர்டிரைவ் மின்னழுத்தமே. அதாவது கேட் மின்னழுத்தம் வாசல் மின்னழுத்தத்தைத் தாண்டி நிற்கும் அளவு. இதற்கு விலையும் உண்டு. gm குறைந்தால் உள்ளீட்டு இரைச்சல் கூடும். ஓவர்டிரைவ் ஏறினால் ஜோடியின் அகலப் பொருத்தமின்மை உண்டாக்கும் ஆஃப்செட்டும் ஏறும்.

ஒரு சீமாஸ் கணக்கு

இனி ஒரு முழுக் கணக்கு. 3.3 வோல்ட் மின்வழங்கல், வாசல் மின்னழுத்தம் சுமார் 0.7 வோல்ட். வெளியீடு சுமக்க வேண்டிய மின்தேக்கி CL 5 பிக்கோஃபாரட். யூனிட்டி கெயின் அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 20 வோல்ட் வேண்டும். சுற்று வழக்கமானது: M1, M2 என்மாஸ் உள்ளீட்டு ஜோடி, M3, M4 அதன் மேலுள்ள பிமாஸ் கண்ணாடி, M5 டெயில் மூலம், M6 இரண்டாம் நிலையின் பிமாஸ், M7 அதற்குச் சுமையாகக் கீழே நிற்கும் என்மாஸ் மின்னோட்ட மூலம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது Cc. 60 பாகை கட்ட விளிம்புக்கு Cc குறைந்தது CL-இல் 0.22 பங்கு இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் தொடக்க விதி. அப்படியானால் 1.1 பிக்கோஃபாரட், கொஞ்சம் இடம் விட்டு 1.5 எடுத்துக்கொள்ளலாம். பிறகு டெயில் மின்னோட்டம்: 20 வோல்ட் பெருக்கல் 1.5 பிக்கோஃபாரட், அதாவது 30 மைக்ரோஆம்பியர். அதன்பின் gm: 10 மெகாஹெர்ட்ஸின் கோண அதிர்வெண் பெருக்கல் Cc, சுமார் 94 மைக்ரோசீமன்ஸ்.

இந்த இரண்டையும் வகுத்துப் பார்ப்பது கட்டாயம். 30-ஐ 94-ஆல் வகுத்தால் 0.32 வோல்ட். உள்ளீட்டு ஜோடியின் ஓவர்டிரைவ் இதுதான். 3.3 வோல்ட் சுற்றில் இது தாராளமாக அடங்கும். இதே கணக்கை 1.8 வோல்ட்டில் செய்பவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அங்கே இந்த 0.32, பொது உள்ளீட்டு வீச்சில் பெரும் பங்கைத் தின்றுவிடும். வகுத்த விடை 0.1-க்குக் கீழே வந்தால் டிரான்சிஸ்டர் சதுர விதியை விட்டு விலகத் தொடங்குகிறது; ஒரு வோல்ட்டைத் தாண்டினால் மின்வழங்கலுக்குள் அடங்காது. விவரக்குறிப்பில் அலைவரிசையும் ஸ்லூ ரேட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை டிரான்சிஸ்டர் அளவுகளுக்குப் போகும் முன்பே இந்த ஒரு வகுத்தல் காட்டிவிடும்.

இரண்டாம் நிலை கேட்கும் பங்கு

SR = I5/Cc என்பதோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வெளியீடு ஏறும்போது சிக்கல் குறைவு. M6-இன் கேட்டை முதல் நிலை கீழே இழுக்கும். அது வேண்டிய அளவு மின்னோட்டத்தைக் கொடுத்துவிடும். இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. M7 மாறாத ஓட்டத்தை மட்டுமே இழுக்கத் தெரிந்தது. அது இப்போது இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: CL-ஐ அதே வேகத்தில் காலி செய்ய வேண்டும்; முதல் நிலையிலிருந்து Cc வழியாக வரும் I5 முழுவதையும் விழுங்க வேண்டும். அப்படியானால்:

```
I7 ≥ I5 × (1 + CL/Cc)
```

நம் கணக்கில் CL/Cc 3.33. எனவே I7 குறைந்தது 130 மைக்ரோஆம்பியர்: 100 CL-க்கு, 30 Cc-க்கு. விளிம்பு வைத்து 160 எடுக்கலாம். M6-க்கு gm, உள்ளீட்டு gm-ஐப்போலப் பத்து மடங்கு, அதாவது 940 மைக்ரோசீமன்ஸ் வேண்டும். 160 மைக்ரோஆம்பியரில் அதற்கான ஓவர்டிரைவ் 0.34 வோல்ட், செய்யக்கூடியதுதான். ஆக, டெயிலுக்கு 30 செலவழிக்கும் சுற்று, இரண்டாம் நிலைக்கு அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் செலவழிக்கிறது. ஸ்லூ ரேட்டின் மின்செலவு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

I7-ஐ 100 மைக்ரோஆம்பியரோடு நிறுத்தினால் என்ன ஆகும்? வெளியீடு இறங்கும்போது M6 முழுக்க அணைந்துவிடும். அதன் கேட் 3.3 வோல்ட்டுக்கு அருகே போய் ஒட்டிக்கொள்ளும். M7-இன் 100 மைக்ரோஆம்பியர் இப்போது CL, Cc இரண்டையும் சேர்த்து 6.5 பிக்கோஃபாரட்டைக் காலி செய்கிறது. வேகம் மைக்ரோசெகண்டுக்கு 15.4 வோல்ட். ஏறும்போது 20, இறங்கும்போது 15.

வேகக் குறைவோடு விஷயம் முடிவதில்லை. வெளியீடு இலக்கை அடைந்த பிறகும் M6-இன் கேட் மேலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அது மறுபடி நடத்தத் தொடங்க, கேட் குறைந்தது 0.7 வோல்ட் இறங்க வேண்டும். முதல் நிலையின் ஓட்டம் திசை மாறி அதை இறக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் M7 இழுத்துக்கொண்டே இருப்பதால் வெளியீடு இலக்கைத் தாண்டிக் கீழே போய்விட்டுத் திரும்பி வரும். இந்தக் கீழிறக்கத்தைக் கட்ட விளிம்புக் குறைவு என்று நினைத்து Cc-ஐக் கூட்டுபவர்கள் உண்டு. ஸ்லூ ரேட் இன்னும் குறைவதுதான் அதனால் கிடைக்கும் பலன்.

அளக்கும் விதம்

உருவகச் சோதனையில் முதல் கேள்வி, படி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது. மாஸ் ஜோடி முழுக்க ஒரு பக்கம் சாய, ஓவர்டிரைவைப்போல 1.41 மடங்கு வேறுபாடு வேண்டும், இங்கே 0.45 வோல்ட். 0.1 வோல்ட் படி கொடுத்தால் வெளியீட்டின் தொடக்கச் சரிவு மைக்ரோசெகண்டுக்குச் சுமார் 6.3 வோல்ட்தான் இருக்கும். அது அலைவரிசை தரும் சரிவு. ஸ்லூ ரேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனவே ஒரு வோல்ட் படி. அதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். என்மாஸ் உள்ளீட்டுப் பின்தொடரி சுமார் 1.2 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது. அங்கே M5 நசுங்கிவிடும். 1.4-இலிருந்து 2.4 வரை என்றால் பாதுகாப்பு.

```
Xamp inp out out vdd 0 opamp2
Vin inp 0 PULSE(1.4 2.4 100n 1n 1n 500n 1u)
Vdd vdd 0 3.3
CL out 0 5p
.tran 0.1n 1.1u
.meas tran tup TRIG v(out) VAL=1.5 RISE=1 TARG v(out) VAL=1.9 RISE=1
.meas tran tdn TRIG v(out) VAL=2.3 FALL=1 TARG v(out) VAL=1.9 FALL=1
```

வழக்கமான 10-லிருந்து 90 சதவீத அளவீடு இங்கே ஏமாற்றும். வெளியீடு 1.95-ஐத் தாண்டியதும் வேறுபாடு 0.45 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. ஜோடி மறுபடி பங்கிடத் தொடங்கி, சரிவு தளர்கிறது. அந்தத் தளர்ந்த பகுதியையும் சேர்த்து அளந்தால் ஸ்லூ ரேட் குறைவாகத் தெரியும். அதனால்தான் மேலே அளவீடு 1.9-இல் நிறுத்தப்பட்டிருக்கிறது. 0.4 வோல்ட்டைக் கடக்க இரு பக்கமும் 20 நானோசெகண்ட் வந்தால் கணக்குச் சரி. I7 100 மைக்ரோஆம்பியரோடு நின்ற சுற்றில் இறங்கும் பக்கம் அதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இறக்கம் மட்டும் மெதுவானால்

இறங்கும் பக்கம் மட்டும் மெதுவாக இருந்தால், சந்தேகத்துக்குரியவர் M7 மட்டுமல்லர். பின்தொடரியில் இறங்கும்போது டெயில் முனையும் வெளியீட்டோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. அந்த முனையில் ஒட்டுண்ணி மின்தேக்கி Cs உண்டு. M5-ஐ அகலமாக வரைந்தால் அது பெரிதாகும். Cs காலியாகும்போது M5 கேட்கும் ஓட்டத்தில் ஒரு பங்கை அதுவே கொடுத்துவிடுகிறது. ஜோடிக்கு அந்த அளவு குறைவு. சூத்திரத்தில் Cc இருந்த இடத்தில் Cc + Cs வந்து உட்காரும். Cs 0.15 பிக்கோஃபாரட் என்றால் 20 வோல்ட் 18.2 ஆகும். ஏறும்போது இதே Cs வெளியீட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு துள்ளலைத் தரும். அளவீட்டை 1.5-இல் தொடங்கியது அதைத் தவிர்க்கத்தான்.

இரண்டையும் பிரித்தறிய M6-இன் கேட்டைப் பார்த்தால் போதும். ஓய்வில் அது சுமார் 2.26 வோல்ட்டில் இருக்கும். I7 போதுமானதாக இருந்தால், இறக்கத்தின்போது M6-இல் 30 மைக்ரோஆம்பியர் மிஞ்சியிருக்கும்; கேட் 2.45 அளவில் நிற்கும். அங்கே நின்றும் இறக்கம் மெதுவாக இருந்தால் குற்றவாளி டெயில் முனை. M5-இன் அகலத்தைக் குறைக்க வேண்டும். கேட் அங்கே நிற்காமல் 3.3-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனால் I7 போதவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு சோதனையும் இருக்கிறது. அதே ஆப்-ஆம்ப்பை எதிர்மாற்றிச் சுற்றில் வைத்தால் உள்ளீட்டு முனைகளின் பொது மின்னழுத்தம் அவ்வளவாக நகராது. டெயில் முனைக் குறை மறைந்துவிடும். M7 குறை மறையாது.

எதற்கு எவ்வளவு வேகம்

மாதிரியெடுக்கும் சுற்று ஒன்றை இந்த ஆப்-ஆம்ப் ஓட்டுகிறது. ஒரு வோல்ட் படிக்குப் பின் 1 மில்லிவோல்ட் துல்லியத்துக்கு வெளியீடு அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக, மீதி வேறுபாடு 0.32 வோல்ட் ஆகும் வரை ஸ்லூ. அதற்கு 34 நானோசெகண்ட். அதன்பின் 16 நானோசெகண்ட் கால மாறிலியோடு அடுக்குக்குறிச் சரிவு, 0.32-இலிருந்து 0.001-க்கு வரச் சுமார் 92 நானோசெகண்ட். மொத்தம் 126. இதில் ஸ்லூவின் பங்கு கால்வாசிதான். டெயில் மின்னோட்டத்தை மட்டும் ஏற்றி gm-ஐ அப்படியே வைப்பவருக்கு இங்கே கிடைக்கும் லாபம் சொற்பம். இந்த வேலைக்கு gm-ஐ உயர்த்துவதே பலன் தரும். பெரிய வீச்சில் சைன் அலை தரவேண்டிய சுற்றுக்குக் கணக்கு நேர்மாறு.

கடைசியாக உற்பத்தி மாறுபாடு. டெயில் மின்னோட்டம் 10 சதவீதம் குறைந்து, Cc 15 சதவீதம் கூடிய சிப் ஒன்று வந்தால் 20 வோல்ட் 15.7 ஆகிவிடும். எந்தச் சிப்பிலும் 20-க்குக் குறையக்கூடாது என்றால் I5-ஐச் சுமார் 38 மைக்ரோஆம்பியராக வைக்க வேண்டும். இங்கே gm மாறாதிருக்க உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களை ஒடுக்கினால் ஓவர்டிரைவ் 0.41-க்கு ஏறும். I7-உம் I5-உம் ஒரே கண்ணாடியிலிருந்து வருவதால் அவை சேர்ந்தே நகரும், விகிதம் மாறாது; தேவையான விகிதத்தை மாற்றக்கூடியது Cc-தான். Cc 15 சதவீதம் குறைந்து 1.28 பிக்கோஃபாரட் ஆனால், தேவையான விகிதம் 4.33-இலிருந்து 4.92-க்கு ஏறுகிறது. நாம் எடுத்த 160-க்கு 30 என்ற விகிதம் 5.33. எனவே I5 38 ஆகும்போது I7-ஐயும் அதே விகிதத்தில் சுமார் 203 மைக்ரோஆம்பியருக்கு ஏற்றினால், அந்த மூலையிலும் M6-இன் கேட் 3.3 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளாது.